மழலையர் பள்ளிக்கு ஆசிரியையின் விண்ணப்பக் கடிதம்

மழலையர் பள்ளி ஆசிரியைப் பணிக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் தன்விவரக் குறிப்பு, கடிதம் என இரண்டு தாள்கள் இருக்கும். படிப்பும் பயிற்சியும் வேலை பார்த்த ஆண்டுகளும் குறிப்பில் வந்துவிடுவதால் கடிதம் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றரை வயதுக் குழந்தைகள் இருபது பேரை இவரை நம்பி விடலாமா என்பதே கடிதத்தைப் படிப்பவர் மனதில் உள்ள கேள்வி. குழந்தைக்கு ஆபத்து வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வார், குழந்தை படுத்தும்போது எப்படி நிதானம் காப்பார், பெற்றோர் கோபமாக வந்து நின்றால் என்ன பேசுவார் என்பதைக் கடிதம் காட்ட வேண்டும்.

பிளே ஸ்கூல் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஓர் ஆசிரியை, அதே ஊரில் உள்ள மழலையர் மற்றும் தொடக்கப் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்புக்கு விண்ணப்பிப்பதாக வைத்துக்கொண்டு கடிதத்தை வரிசையாக எழுதிப் பார்க்கலாம்.

எழுத உட்காரும் முன் செய்ய வேண்டியது, பழைய வகுப்பில் நடந்தவற்றுள் இரண்டு சம்பவங்களைத் தேர்ந்தெடுப்பது. ஒன்று பாதுகாப்பு பற்றியது. மற்றொன்று பொறுமை, பெற்றோர் ஆகிய இரண்டுக்கும் சேர்த்துப் பயன்படக்கூடியது. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பதால் இரண்டு போதும். பெரிய சாகசம் எதுவும் தேவையில்லை. மழலையர் வகுப்பில் அன்றாடம் நடக்கும் சிறு சிக்கலும், அப்போது ஆசிரியை எதை முதலில் செய்தார், எதை அடுத்துச் செய்தார் என்ற வரிசையும் இருந்தால் சரி. குழந்தையின் பெயர், பெற்றோரின் தொழில், குடியிருக்கும் தெரு எதையும் எழுதக் கூடாது. பழைய பள்ளியின் குழந்தையைப் பெயர் சொல்லி எழுதுபவர், நாளை இந்தப் பள்ளியின் குழந்தைகளைப் பற்றியும் வெளியே அப்படித்தான் பேசுவார் என்று தலைமையாசிரியைக்குத் தோன்றிவிடும்.

விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே கடிதம் இருப்பது பொருத்தம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வழக்கமான அமைப்பு போதும். தனியார் பள்ளிகளில் பணி ஆணை பெரும்பாலும் தாளாளர் பெயரில் வரும்; விண்ணப்பத்தைப் படித்து யாரை அழைக்கலாம் என்று சொல்பவர் தலைமையாசிரியையாக இருப்பார். ஆகவே பெறுநர் இடத்தில் தாளாளரைக் குறிப்பிட்டு, உள்ளே வகுப்பறை தெரிந்தவருக்கு எழுதுவது போல எழுதலாம். முதல் பத்தி இரண்டு மூன்று வரிகளோடு முடிந்துவிட வேண்டும்:

> மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் பள்ளியில் எல்.கே.ஜி. ஆசிரியைப் பணியிடம் காலியாக உள்ளதாக நாளிதழ் விளம்பரத்தில் பார்த்தேன். கடந்த மூன்று ஆண்டுகளாக பிளே ஸ்கூல் ஒன்றில் இரண்டரை முதல் மூன்றரை வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். இந்தக் கல்வியாண்டு முடிந்ததும், ஜூன் மாதத்தில் பணியில் சேர இயலும்.

ஆண்டின் நடுவில் குழந்தைகளை விட்டுவிட்டு வரமாட்டார் என்பதைக் கடைசி வரி சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

அடுத்த பத்தி பாதுகாப்புக்கு. கடிதத்தில் அதிக இடம் பெற வேண்டியது இதுதான். பலர் தவறுவதும் இங்கேதான். “என் வகுப்பில் இதுவரை ஒரு சிறு காயம்கூட ஏற்பட்டதில்லை” என்று எழுதினால் பலம் என்று தோன்றும். அனுபவமுள்ள தலைமையாசிரியை அதை நம்ப மாட்டார். மூன்று வயதுக் குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில் முழங்கால் சிராய்க்காமல் இருக்காது. ஒன்றுமே நடக்கவில்லை என்றால், நடந்தது எழுதி வைக்கப்படவில்லை என்றே அவர் எடுத்துக்கொள்வார். எந்த நேரத்தில் ஆபத்து வரும் என்று ஆசிரியைக்குத் தெரிந்திருப்பதைக் காட்டுவதே மேல். மழலையர் பள்ளியில் அப்படிப்பட்ட நேரங்கள் பெரும்பாலும் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் நேரங்களே. விளையாட்டுத் திடலிலிருந்து வகுப்புக்குத் திரும்பும்போது, கழிப்பறைக்குப் போகும்போது, வேனில் ஏற்றும்போது, மாலையில் வீட்டாரிடம் ஒப்படைக்கும்போது.

> திடலிலிருந்து திரும்பியதும், வேனில் ஏற்றும் முன்னும் குழந்தைகளை எண்ணி வருகைப் பதிவோடு சரிபார்ப்பது என் வழக்கம். ஒரு மாலையில், குழந்தையின் தாய்மாமா என்று சொல்லி ஒருவர் அழைத்துச் செல்ல வந்தார். குழந்தையும் அவரைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் அழைத்துச் செல்லலாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்திருந்த பட்டியலில் அவர் இல்லை. குழந்தையை ஆயாவுடன் உள்ளே இருக்கச் செய்துவிட்டு, பள்ளிப் பதிவேட்டில் உள்ள எண்ணில் தாயை அழைத்தேன். அவர் உறுதி செய்த பிறகு, வந்தவரின் கையொப்பத்தைப் பெற்று அனுப்பினேன். மறுநாள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கும்படி பெற்றோரிடம் கேட்டுக்கொண்டேன்.

இந்தப் பத்தியின் பலம் அதன் சின்ன விவரங்களில் இருக்கிறது. வந்தவர் நீட்டிய கைபேசியில் பேசாமல் பதிவேட்டு எண்ணில் அழைத்தது, குழந்தை சிரித்ததைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதது, குழந்தை தனியே நிற்காதபடி ஆயாவிடம் விட்டது. வந்தவர் உண்மையான மாமாவாக இருந்தது கடிதத்துக்கு நல்லதே. கடத்தல்காரனைப் பிடித்ததாகக் கதை முடிந்திருந்தால் அது ஒருநாள் வீரமாகிப் போயிருக்கும். இங்கே தெரிவது தினசரிப் பழக்கம்.

உடல்ரீதியான, பாலியல்ரீதியான துன்புறுத்தல் பற்றி ஒரு வரி எழுத விரும்பினால் சட்டம் தெரிந்து எழுத வேண்டும். போக்சோ எனப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறுவது 21ஆம் பிரிவின்கீழ் குற்றம். நிர்வாகத்திடம் சொன்னதோடு ஆசிரியையின் கடமை முடிந்துவிடாது. “இத்தகைய சந்தேகம் எழுந்தால் குழந்தையைத் துருவித் துருவிக் கேட்காமல், அது சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதி வைத்து, உடனே தலைமையாசிரியைக்குச் சொல்லி, சட்டப்படி தகவல் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்வேன்” என்ற ஒரு வாக்கியம் போதும். முதலுதவிப் பயிற்சி பெற்றிருந்தால் எங்கே, எந்த ஆண்டில் என்று குறிப்பிடலாம். பெறாதவர் அதைப் பற்றி எழுதாமல் விடுவதே நல்லது. நேர்காணலில் “தொண்டையில் நிலக்கடலை சிக்கினால் என்ன செய்வீர்கள்” என்று கேட்டால், பார்க்காமல் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவேன் என்ற பதில் பயிற்சியின்மையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் பத்தி பொறுமை. “நான் மிகவும் பொறுமைசாலி”, “குழந்தைகளை என் சொந்தக் குழந்தைகள் போலப் பார்ப்பேன்” என்ற இரண்டு வரிகளும் மேசைமேல் உள்ள எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கும். இரண்டாவது வரியில் இன்னொரு சங்கடமும் உண்டு. சொந்தக் குழந்தையை ஒரு தாய் அதட்டலாம், கோபத்தில் முதுகில் ஒன்று வைக்கவும் செய்யலாம். வகுப்பில் இவை இரண்டுக்கும் இடமில்லை. “கண்டிப்பானவள்” என்ற சொல்லையும் தவிர்க்கலாம். குணத்தைச் சொல்லாமல், ஒரு தொல்லை பல வாரங்கள் நீடித்தபோது என்ன செய்யப்பட்டது என்பதைச் சொன்னால் பொறுமை தானாகத் தெரியும்.

> மூன்று வயதுக் குழந்தை ஒன்று அடிக்கடி பிற குழந்தைகளைக் கடித்துவந்தது. எப்போது கடிக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தேன். பெரும்பாலும் சிற்றுண்டிக்குச் சற்று முன்பு, கட்டைகளை வைத்து விளையாடும் இடத்தில் நடந்தது. சிற்றுண்டி நேரத்தைக் கால் மணி நேரம் முன்னே கொண்டுவந்தேன். கட்டைகளை இரண்டு கூடைகளாகப் பிரித்து வைத்தேன். பிடுங்க வந்தால் “எனக்கு வேணும்” என்று சொல்லப் பழக்கினேன். முற்றிலும் நிற்க இரண்டு மாதங்கள் ஆயின. இடையில் எனக்கே எரிச்சல் வந்த நாள்களில், குழந்தையை ஆயாவிடம் சிறிது நேரம் விட்டுவிட்டு, நிதானம் வந்த பிறகே அதனிடம் பேசினேன்.

கடைசி வாக்கியத்தை எழுதப் பலர் தயங்குவார்கள். ஆனால் எரிச்சலே வராது என்று சொல்பவரைவிட, வந்தால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து வைத்திருப்பவரிடம் குழந்தைகளை விடப் பள்ளிக்குத் துணிச்சல் வரும். “இரண்டே நாளில் மாற்றினேன்” என்று எழுதினால், மிரட்டி அடக்கினாரோ என்ற ஐயம்தான் எழும்.

பெற்றோர் பற்றிய பத்திக்கு அதே சம்பவத்தின் மறுபக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். கடித்த குழந்தைக்கு ஒரு வீடு இருப்பதுபோல் கடிபட்ட குழந்தைக்கும் ஒரு வீடு இருக்கிறது. மாலையில் குளிப்பாட்டும்போது கையில் பல் தடத்தைப் பார்க்கும் தாய், மறுநாள் காலை வாசலில் வந்து நிற்பார். அதற்கு முன்பே அவருக்குச் செய்தி போயிருந்ததா என்பதைப் பொறுத்தே அந்தப் பேச்சு அமையும்.

> கடிபட்ட அன்று மதியமே அந்தக் குழந்தையின் தாயைத் தொலைபேசியில் அழைத்து, என்ன நடந்தது, கையைக் கழுவி என்ன செய்தோம், இனி எப்படிக் கவனிக்கப் போகிறோம் என்பதைச் சொன்னேன். “எந்தப் பிள்ளை கடிச்சுது மிஸ்?” என்று கேட்டார். “அதைச் சொல்றது சரியா இருக்காதுங்க. உங்க பாப்பா யார்கிட்டயாவது இப்படி நடந்துக்கிட்டாலும் பேரைச் சொல்ல மாட்டோம்” என்றேன். கடித்த குழந்தையின் பெற்றோரைத் தனியே அழைத்து, குறித்து வைத்திருந்ததைக் காட்டிப் பேசினேன். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எந்தத் தனிக் குழந்தையைப் பற்றியும் நான் எழுதுவதில்லை.

கடிதத்தில் பேச்சுமொழி வருவது தவறாகாது; ஓரிரு வரிகள் உண்மையில் பேசியபடியே இருந்தால் ஆசிரியையின் குரலை அது காட்டும். பாட்டி தாத்தா வந்து அழைத்துச் செல்லும் வீடுகளும், டைரியில் எழுதியதைப் படிக்க முடியாத வீடுகளும் இருக்கும். அவர்களுக்குக் குரல் பதிவாக அனுப்பியதுண்டு என்றால் அதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். குழந்தை பேசத் தாமதமாவதாக ஆசிரியைக்குத் தோன்றினால் பெற்றோரிடம் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. வகுப்பில் பார்த்ததை மட்டும் சொல்லி, குழந்தை மருத்துவரிடம் காட்டும்படி தலைமையாசிரியை வழியாகப் பரிந்துரைக்க வேண்டும். இந்த எல்லை தெரிந்தவர் என்பதைக் காட்டும் வாக்கியம் இருந்தால் பத்தி நிறைவு பெறும்.

முடிவுப் பத்தியில் நேர்காணலுக்கு வரக்கூடிய நாள்கள், வேண்டுமானால் மாதிரி வகுப்பு எடுக்கத் தயார் என்ற வரி, பழைய தலைமையாசிரியையிடம் முன்அனுமதி பெற்று அவரது தொடர்பு எண் ஆகியவை வரலாம். பள்ளி கேட்காவிட்டால் சம்பளம் பற்றி எழுத வேண்டாம். பழைய பள்ளியை ஏன் விடுகிறார் என்பதைக் குறை சொல்லாமல் ஒரே வரியில் முடித்துவிடலாம். சான்றிதழ்களின் நகல்களை மட்டுமே இணைக்க வேண்டும். அசலை நேர்காணலின்போது காட்டிவிட்டு அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

அனுப்பும் முன் கடிதத்தை வாய்விட்டுப் படித்து, “அன்பு”, “அர்ப்பணிப்பு”, “பொறுமை” போன்ற சொற்கள் வரும் வரிகளை அடித்துவிட்டுப் பார்க்கலாம். அடித்த பிறகும் கடிதம் குறையாமல் நின்றால் அனுப்பலாம். ஓட்டை விழுந்தால், அந்த இடத்தில் எழுத வேண்டிய சம்பவம் இன்னும் எழுதப்படவில்லை.