திருப்தியானால் மீதிப் பணம்

திண்டுக்கல் பூட்டு வியாபாரிகளுக்கும் சின்னாளபட்டிச் சேலைக் கடைக்காரர்களுக்கும் தனியாளாக வெப்சைட் அமைத்துக் கொடுத்து ஜீவனம் நடத்தும் எனக்கு, வேலை தொடங்குமுன் எழுதிக்கொள்ளும் பணி ஒப்பந்தத்தில் மிகுந்த ஜாக்கிரதைக்குரிய இடம் எது என்று கேட்டால், தொகையைக் குறிக்கும் இடமன்று, வேலை முடிந்துவிட்டதென்பதை எதைக்கொண்டு நிச்சயிப்பது என்று குறிக்கும் இடமே என்பேன். "திருப்தியானபின் மீதிப் பணம்" என்று எழுதிய ஒப்பந்தம், முதலாளியின் மைத்துனர் ஊரிலிருந்து வந்து தம் அபிப்பிராயத்தைச் சொல்லும்வரை முடிவதில்லை.

ஒரு பூட்டுக்கடைக்கு எழுதியதை உதாரணமாகச் சொல்கிறேன். முப்பது வகைப் பூட்டுகளின் பக்கங்களும், விசாரணைப் படிவமும், கடைக்காரரே விலையை மாற்றிக்கொள்ளும் வசதியும் நான் ஒப்படைக்க வேண்டியவை. ஐம்பதாயிரம் ரூபாயில் இருபதாயிரம் முன்பணம், வடிவமைப்பை ஒப்புக்கொண்டதும் பதினைந்தாயிரம், பரீட்சைகள் தேறியதும் மிச்சம்.

பரீட்சை ஒவ்வொன்றும் ஆம் அல்லது இல்லை என்ற விடைக்கு மட்டுமே இடந்தருவதாக இருக்க வேண்டும். படிவத்தை ஒரு கைப்பேசியில் நிரப்பி அனுப்பினால் கடையின் இமெயிலுக்கு அது வந்து சேர வேண்டும் என்பது ஒன்று. திரையில் "நன்றி" என்று தோன்றினாலும் கடிதம் ஸ்பாம் பெட்டியில் விழுந்து கிடப்பது சகஜமாதலால், என் முகவரியில் அல்ல, கடையின் முகவரியிலேயே சோதிக்க வேண்டும். நான் பக்கத்தில் மௌனமாக இருக்க, கடைக் கணக்கர் தாமே ஒரு புதிய மாங்காய்ப் பூட்டின் படத்தையும் விலையையும் ஏற்ற வேண்டும் என்பது மற்றொன்று. ஏழு நாளுக்குள் குறைகளை எழுத்தில் தராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும்.

பூட்டுகளின் படங்களைத் தர வேண்டியவர் கடைக்காரர். வியாபார மும்முரத்தில் அவை மாதக்கணக்கில் வாரா. எனவே பரீட்சைகளை மாதிரிப் படங்களைக் கொண்டே நடத்தலாமென்று எழுதிவிட்டால், அவருடைய தாமதம் என் தவணையை நிறுத்தாது.

திருத்தம் இரண்டு சுற்று என்றால் மட்டும் போதாது. குடும்பத்தார் அனைவரின் கருத்துக்களையும் ஒருவரே திரட்டி ஒரே கடிதமாக அனுப்புவதே ஒரு சுற்று. பரீட்சையில் தவறியது குறை, அதைச் செலவின்றித் திருத்துவது என் கடமை. ஒப்புக்கொண்ட வடிவமைப்பின் நிறத்தைப் பின்னர் மாற்றச் சொல்வது மாற்றம், அதற்குத் தனிக் கூலி.

கடைசித் தவணைக்குப் பிரதியாகக் கடைக்காரர் பெறுவது உரிமையாதலால், அதையும் எழுதிவிட வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் கையொப்பத்தோடு இருந்தாலன்றிச் செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுகளுக்கே மாற்றியதாகக் கருதப்படும்.