விண்ணப்பம் போய்ச் சேரும் இடம்

திருநெல்வேலியில் ஒரு சிறு நிறுவனத்தின் அலுவலகப் பொறுப்பை அநேக வருஷங்களாகக் கவனித்து வருகிறவன் என்ற முறையில், ஆள் வேண்டும் என்று நாங்கள் அறிவிக்கும்போதெல்லாம் வந்து குவியும் பயோடேட்டாக்களைப் படித்துத் தரம் பிரிக்கும் வேலை என்னிடமே வந்து சேருகிறது. கணக்கெழுத ஒருவர், சரக்கு அனுப்புவதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்ற அளவில் எங்கள் தேவை சிறியதுதான். ஆயினும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் படித்து முடித்தவர்களும், சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிக் கரையோரத்து ஊர்களிலிருந்து எழுதுகிறவர்களும் அனுப்பும் தாள்களில், நாங்கள் கேட்டதும் எங்களுக்குப் பிரயோஜனப்படுவதும் கால் பங்கு என்றால், நாங்கள் கேளாததும், அந்நியர் கையில் சிக்கினால் அனுப்பியவருக்கே கேடு விளைவிப்பதும் முக்கால் பங்காக இருப்பதைக் கண்டு மனம் வருந்தியிருக்கிறேன்.

தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஜாதி, மதம், வீட்டு விலாசம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், ஆதார் எண், கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்ற உறுதிமொழி, அதன் கீழே ஸ்கேன் செய்து ஒட்டிய கையெழுத்து: இதுதான் நம் பக்கத்து பயோடேட்டாவின் வழக்கமான அமைப்பு. முகமும் கையெழுத்தும் பிறந்த தேதியும் விலாசமும் ஒரே தாளில் கிடைத்துவிட்டால், அதோடு ஆதார், பான் அட்டை நகல்களும் சேர்ந்துவிட்டால், ஒருவருடைய பெயரில் சிம் கார்டு வாங்கவும், கடன் செயலிகளில் பணம் எடுக்கவும், அவர் அறியாத ஒரு வியாபாரத்தை அவர் பான் எண்ணில் பதிவு செய்யவும் முயல்கிறவனுக்கு வேண்டிய சாமான்கள் பெரும்பாலும் வந்துவிட்டன என்று சொல்லலாம். கூலி வேலை செய்து பிழைப்பவர்களுக்கு, கண்ணாலும் கண்டிராத கம்பெனியின் பேரில் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்த செய்திகளை நம் மாநிலத்துப் பத்திரிகைகளிலேயே படித்திருக்கிறோம்.

ஆதாரை இணையத்திலிருந்து இறக்கி அனுப்புகிறவர்கள், அந்தக் கோப்புக்குத்தான் கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்தக் கடவுச்சொல் எது என்பதை ஆதார் ஆணையமே எல்லோருக்கும் அறிவித்திருக்கிறது: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துக்களைப் பெரிய எழுத்தில் இட்டு, அதை அடுத்துப் பிறந்த வருஷத்தை எழுத வேண்டியதுதான். ஆங்கிலத்தில் Esakkiammal என்று பெயர் எழுதும், 2003இல் பிறந்த இசக்கியம்மாள் என்ற பெண்ணின் கோப்பு ESAK2003 என்று அடித்தவுடன் திறந்துகொள்ளும். அந்தப் பெயரையும் வருஷத்தையும் அவளுடைய பயோடேட்டாவே அதே மின்னஞ்சலில் எடுத்துச் சொல்லிவிடுகிறது.

நேர்முகத்துக்கு அழைக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க எனக்கு வேண்டியவை மிகச் சிலவே. பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், குடியிருக்கும் ஊர், படிப்பு, முன்பு செய்த வேலையும் அதில் கற்றுக்கொண்டதும், எப்போது சேர முடியும் என்பது. இதற்கு மேல் எதுவும் அந்த முதல் கட்டத்தில் அவசியமில்லை. தெருவும் கதவு எண்ணும் வேண்டாம். அம்பாசமுத்திரம் என்றால் தினமும் பஸ்ஸில் வந்து போக முடியுமா என்பது எனக்குப் புரிந்துவிடும். அசல் சான்றிதழ்களை நேர்முகத்தன்று மேஜைமேல் வைத்துக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப் போகலாம். ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் ஆகியவை வேலை நிச்சயமாகி, நியமனக் கடிதம் கைக்கு வந்து, சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் பற்றிய ஏற்பாடுகள் தொடங்கும்போதுதான் வேண்டும். அப்போதும் அடையாளத்துக்காக மட்டும் கேட்பவர்களுக்கு, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டுக் கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதாரை myaadhaar.uidai.gov.in தளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். மற்ற நகல்களின் குறுக்கே, எந்த நிறுவனத்துக்கு, எந்தக் காரியத்துக்காக, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று எழுத்தின்மேல் படும்படி பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நகலை வேறிடத்தில் காட்டுகிறவன் அகப்பட்டுக்கொள்வான்.

இனி, அனுப்பும் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அனுபவத்தில் நான் கண்ட குழப்பங்களில் பெரியது இங்கேதான் இருக்கிறது.

அம்பாசமுத்திரத்தில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பி.காம். முடித்த தம் மகளுக்கு வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வேலை அறிவிப்பை என்னிடம் கொண்டு வந்து காட்டினார். வண்ணார்பேட்டையில் ஒரு விற்பனை நிறுவனத்துக்குக் கணக்கு உதவியாளர் தேவை. ரெஸ்யூம், ஆதாரின் இரு பக்கங்கள், பாஸ்புக்கின் முதல் பக்கம் ஆகியவற்றை ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்ப வேண்டும். தேர்வானவர்கள் சீருடைக்கும் அடையாள அட்டைக்குமாக 1,500 ரூபாய் கட்ட வேண்டும், அது முதல் மாதச் சம்பளத்தோடு திருப்பித் தரப்படும் என்பது அதன் வாசகம். தலைப்பில் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணும் இருந்தது. அந்தப் பெண் கெட்டிக்காரி, gst.gov.in தளத்தில் அந்த எண்ணைத் தானே போட்டுப் பார்த்து, நிறுவனத்தின் பெயரும் வண்ணார்பேட்டை விலாசமும் சரியாக வந்ததைத் தகப்பனாரிடம் காட்டியிருந்தாள்.

"அண்ணாச்சி, கம்பெனி இருக்குன்னு கவர்மெண்டே போட்டிருக்கு. பொறவு என்ன பயம்?" என்றார் நண்பர்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு நிறுவனம் உண்மையில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. நம் கைக்கு வந்த அறிவிப்பு அந்த நிறுவனத்திடமிருந்துதான் வந்ததா என்பது வேறொரு கேள்வி. தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும் பதினைந்து இடங்கள் கொண்ட அந்த எண் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகிக் கடைக்குக் கடை போவது. அதை எவரும் எடுத்துத் தம் அறிவிப்பின் தலையில் போட்டுக்கொள்ளலாம். ஆகவே அறிவிப்பில் கண்ட தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, ஜி.எஸ்.டி. தளத்தில் இருந்த விலாசத்துக்கே நேரில் போய் விசாரித்து வரச் சொன்னேன். போனார், அந்தக் கடை இருந்தது, உரிமையாளரும் இருந்தார், தாம் யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை என்றும், தம் கடைப் பெயரைச் சொல்லிக்கொண்டு இதற்கு முன்பே சிலர் வந்து போனார்கள் என்றும் அவர் சொன்னார். நல்லவேளையாக அந்தப் பெண் அதுவரை எதையும் அனுப்பவில்லை.

விசாரிப்பதற்குரிய வழி அந்த அறிவிப்புக்கு வெளியே இருந்து வர வேண்டும் என்பதே இதில் நான் வற்புறுத்தும் விஷயம். அறிவிப்பிலுள்ள எண்ணுக்கே போன் செய்து 'இது நிஜமா' என்று கேட்டால், நிஜம் என்ற பதில்தான் கிடைக்கும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியானால் mca.gov.in தளத்தில் பதிவு விலாசம் கிடைக்கும். கடையானால் பெயர்ப் பலகையைப் பார்த்துவிடலாம். ஜி.எஸ்.டி. எண் இல்லை என்பதாலேயே ஒருவரை மோசக்காரர் என்று முடிவு கட்டவும் கூடாது. வியாபாரம் சிறிதாக இருப்பவர்களுக்கு அந்தப் பதிவு கட்டாயமில்லை. அதே போல ஜிமெயில் முகவரியும் குற்றமல்ல; நம் ஊரில் நாணயமான சிறு நிறுவனங்கள் பல அதைத்தான் வைத்திருக்கின்றன. வேலை கொடுப்பதற்கு முன் பணம் கேட்பது ஒன்றுதான், எந்தப் பெயரில் கேட்டாலும், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளப் போதுமான காரணம்.

பெரிய நிறுவனத்தின் பெயரில் வருவது என்றால் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். 2011இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்த பிறகு, அங்கே உத்தியோகம் கிடைக்காதா என்ற ஆசை இப்பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இயல்பாகவே உண்டாயிற்று. அந்த நிறுவனத்தாரின் அலுவலக முகவரிகள் zohocorp.com என்று முடிபவை. ஆனால் அந்த நிறுவனமே பொதுமக்களுக்கு இலவச மின்னஞ்சல் வசதியும் அளிக்கிறது. அதில் கணக்குத் தொடங்குகிற எவருக்கும் zohomail.in என்று முடியும் முகவரி கிடைத்துவிடும். இரண்டாவதைப் பார்த்துவிட்டு முதலாவதென்று எண்ணுவது எவ்வளவு சுலபம்! கைப்பேசியில் அனுப்பியவரின் பெயர் மட்டுமே முதலில் தெரியும்; அந்தப் பெயரைத் தொட்டால்தான் முழு முகவரி விரியும் என்பதையும், அதில் @ குறிக்குப் பின்னால் இருப்பதுதான் முக்கியம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் ஊர்களுக்கே உரிய இன்னொரு ஆபத்து பிரவுசிங் சென்டர். வீட்டில் கணினி இல்லாதவர்கள் அங்கே போய் டைப் அடித்து, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, சில சமயம் கடைக்காரரின் மின்னஞ்சலிலிருந்தே அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அனுப்பினால் நான் எழுதும் பதில் கடைக்குத்தான் போகும். சான்றிதழ்களின் நகலும் அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பிவிட்டு, Downloads என்ற இடத்திலும் ஸ்கேன் செய்த கோப்பு விழுந்த இடத்திலும் இருப்பதை அழித்து, Recycle Bin-ஐயும் காலி செய்து, கணக்கிலிருந்து வெளியேறிய பிறகே எழுந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பை அங்கே திறந்திருந்தால், வீடு திரும்பியதும் கைப்பேசியில் Linked devices என்ற பகுதியைப் பார்த்து, அந்தக் கணினி இன்னும் இணைந்திருந்தால் நீக்கிவிட வேண்டும்.

ஏற்கெனவே எல்லாவற்றையும் தெரியாத இடத்துக்கு அனுப்பிவிட்டவர்கள் கலங்கி உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. ஆதார் தளத்தில் கைரேகை முதலியவற்றைப் பூட்டி வைக்கலாம்; sancharsaathi.gov.in தளத்தில் தம் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் இருக்கின்றன என்று பார்த்து, தமதல்லாததைத் தெரிவிக்கலாம். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டிய முழு அறிக்கையை வாங்கி, தாம் வாங்காத கடன் ஏதேனும் அதில் இருக்கிறதா என்று சோதிக்கலாம். பணமும் போயிருந்தால் சற்றும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து, cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்தி வைக்க வழி உண்டு.

இத்தனை ஜாக்கிரதையையும் வேலை தேடுகிறவர்கள் தலையிலேயே சுமத்துவது நியாயமாகாது. விவரங்களைக் குறிப்பிட்ட காரியத்துக்கு வேண்டிய அளவே சம்மதத்தோடு பெற வேண்டும் என்பதை 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. என்னைப் போல ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் சிறு நிறுவனத்தாரை நான் கேட்டுக்கொள்வது இது: உங்கள் அடுத்த அறிவிப்பில் பதிவுப் பெயரையும் கதவு எண்ணோடு கூடிய விலாசத்தையும் போடுங்கள், ஆதாரும் பான் அட்டையும் இப்போது அனுப்ப வேண்டாம், கட்டணம் எதுவும் இல்லை என்று இரண்டு வரி சேருங்கள், தேர்வாகாதவர்களின் தாள்களை இன்ன மாதத்துக்குள் அழித்துவிடுவோம் என்று எழுதி, அவ்வாறே அழித்தும் விடுங்கள்.