தம் சொற்களில் எழுதுதல்

செய்யுளுக்குப் பதவுரையும் எழுதப்படுகிறது, பொழிப்புரையும் எழுதப்படுகிறது. பதவுரை செய்யுளின் சொற்களை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு செல்லும். பொழிப்புரையோ அச்சொற்கள் கூடித் தரும் கருத்தைத் திரட்டிக் கூறும். உரைநடைப் பகுதி ஒன்றைத் தம் சொற்களில் எழுதப் புகும் மாணவர் பலர், பொழிப்புரை எழுதுவதாக எண்ணிக்கொண்டு பதவுரையே எழுதிவிடுகின்றனர். மூலத்தின் சொல் ஒவ்வொன்றுக்கும் நேராக வேறொரு சொல் வந்து அமர்கிறது. வாக்கியமும் அதன் போக்கும் மூலத்தினுடையனவாகவே நிற்கின்றன.

ஏரியின் அமைப்பைப் பற்றிப் பயிற்சிக்கென எழுதப்பட்ட பின்வரும் பகுதியைக் காண்க.

“ஏரியில் தேங்கும் நீர் வெளியேற இரண்டு வழிகள் அமைக்கப்பட்டிருக்கும். பாசனத்திற்கு வேண்டிய நீரை மதகின் வழியே திறந்துவிடுவர். ஏரி நிறைந்தபின் மிகும் நீர் கலிங்கின் வழியே தானாக வழிந்தோடும். கலிங்கு, கரையைவிடத் தாழ்வாகக் கட்டப்படுவதால், வெள்ளக் காலத்தில் நீர் மண்கரையின்மேல் ஏறிக் கரையை உடைப்பது தவிர்க்கப்படும். சில ஏரிகளில் கலிங்கின்மேல் வரிசையாகக் கற்கள் நடப்பட்டிருக்கும். மழைக்காலத்தின் இறுதியில் அவற்றின் இடையே பலகையும் மண்ணும் இட்டு அடைத்து, மேலும் சிறிது நீரைத் தேக்கிக்கொள்வர்.”

இதன் முதல் மூன்று வாக்கியங்களை ஒரு மாணவர் இவ்வாறு மாற்றி எழுதுவதாகக் கொள்வோம்: “குளத்தில் தேங்கும் தண்ணீர் வெளியே செல்ல இரு பாதைகள் உருவாக்கப்பட்டிருக்கும். வேளாண்மைக்குத் தேவையான தண்ணீரைக் கதவின் வழியே திறந்துவிடுவர். ஏரி நிரம்பியபின் எஞ்சும் தண்ணீர் கலிங்கின் மூலம் தானாக வழிந்து ஓடும்.”

பல சொற்கள் மாறியுள்ளன. ஆயினும் இது மாணவரின் எழுத்து அன்று. மூலத்தில் மூன்று வாக்கியங்கள், இங்கும் மூன்று. அங்கு எது முன், எது பின் என்றிருந்ததோ, அவ்வாறே இங்கும் உள்ளது. அதனினும் பெரிய குறை, பொருள் கெட்டிருப்பதாகும். கதவு என்பது மதகில் நீரை அடைக்கவும் திறக்கவும் உதவும் உறுப்பு மட்டுமே. மதகு முழுவதற்கும் அது பெயராகாது. மிகும் நீர் என்பது ஏரியின் கொள்ளளவைக் கடந்த நீர். எஞ்சும் நீர் என்றால் செலவழித்தபின் மீந்திருக்கும் நீர் என்றாகிவிடும். மேலும், குளம் என்று தொடங்கிய எழுத்து மூன்றாம் வாக்கியத்தில் ஏரிக்குத் திரும்புவதால், இரண்டும் ஒன்றா, வேறா என்ற ஐயம் படிப்பவர்க்கு எழும். ஒருபொருட் பன்மொழி எனத் தோன்றும் சொற்கள் எல்லா இடத்தும் ஒரே பொருளைத் தருவதில்லை.

சொற்களை விடுத்து, அவற்றின் இடத்தை மட்டும் மாற்றுவோரும் உண்டு. தமிழில் இது மிக எளிது. ‘பாசனத்திற்கு வேண்டிய நீரை மதகின் வழியே திறந்துவிடுவர்’ என்பதை ‘மதகின் வழியே பாசனத்திற்கு வேண்டிய நீரைத் திறந்துவிடுவர்’ என எழுதினாலும் பொருள் சிறிதும் பிறழாது. ‘நீரை’ என்பதில் உள்ள இரண்டாம் வேற்றுமை உருபு, அச்சொல் எங்குச் சென்றாலும் அதுவே செயப்படுபொருள் என்பதைக் காட்டிவிடுகிறது. இடம் மாறினாலும் வாக்கியம் அதே வாக்கியமாக நிற்கும் மொழியில், இடமாற்றத்தைப் புத்தாக்கம் எனக் கொள்ள இயலாது. ‘திறந்துவிடுவர்’ என்பதைத் ‘திறந்துவிடப்படும்’ எனச் செயப்பாட்டுவினையாக்குவதும் அத்தகையதே.

அவ்வாறாயின் எங்கிருந்து தொடங்குவது? பகுதியை இருமுறை படித்தபின் நூலை மூடிவிட வேண்டும். கண்ணெதிரே மூலம் இருக்கும்வரை அதன் வாக்கியமே கையை இழுத்துச் செல்லும். மூடியபின், நினைவில் நிற்கும் கருத்துகளை வாக்கியமாக அன்றித் துணுக்குகளாகக் குறித்துக்கொள்ளலாம். மதகு: ஆள் திறப்பது, வயலுக்காக. கலிங்கு: தானே வழிவது, கரையைக் காக்க. காரணம்: உயர வேறுபாடு. கற்கள்: சில ஏரிகள், மழை முடிவு, கூடுதல் நீர். இக்குறிப்பில் மூலத்தின் வரிசை தளர்ந்து, எது எதற்குக் காரணம் என்னும் தொடர்பு மேலெழுகிறது. மதகும் கலிங்கும் வெறும் இரண்டு வழிகள் அல்ல. ஒன்று பயன்படுத்த, மற்றொன்று காப்பாற்ற என்பது புலப்படுகிறது. குறிப்பு எழுத வரவில்லையெனில் பகுதி இன்னும் விளங்கவில்லை என்று பொருள். மீண்டும் படிக்க வேண்டும்.

இக்குறிப்பைக் கொண்டு, கரைக்கு நேரும் இடரிலிருந்து தொடங்கி எழுதினால் முதற்படி இவ்வாறு அமையலாம்:

“மண்ணால் ஆன ஏரிக்கரைக்கு முதற்பகை, அதன்மேல் ஏறிப் பாயும் வெள்ளம். அந்நிலை வாராமல் காப்பது கலிங்கு. அது கரையின் உயரத்தை எட்டாமல் நிற்பதால், கொள்ளளவை மீறிய நீர் எவரும் திறக்காமலே அவ்விடத்தில் வழிந்து போய்விடுகிறது. மதகோ ஆள் இயக்குவது. வயலின் தேவைக்கு நீர் விடுவது அதன் வேலை. மழை ஓயும் காலத்தில் கலிங்கைச் சற்று உயர்த்திக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அதன்மேல் நட்ட கற்களின் இடைவெளிகளைப் பலகையாலும் மண்ணாலும் மூடினால், ஏரி இன்னும் கொஞ்சம் நீரைக் கொள்ளும்.”

ஏரி, கரை, மதகு, கலிங்கு, பலகை ஆகியன அப்படியே உள்ளன. அவை பொருள்களின் பெயர்கள், மாற்ற வேண்டியதில்லை. வாக்கியங்களின் கட்டு மட்டும் மூலத்தினின்று முற்றும் வேறு.

இப்போதுதான் நூலைத் திறந்து ஒப்பிட வேண்டும். மூன்று நான்கு சொற்கள் தொடர்ச்சியாக ஒத்து வரும் இடங்களை முதலில் அடிக்கோடிடலாம்; பெயர்களைத் தவிர்த்து அவ்வாறு ஒத்தால் அவ்விடம் நினைவிலிருந்து அப்படியே வந்ததாகும். அடுத்து, பொருளை ஒப்பிட வேண்டும். மேற்கண்ட முதற்படியில் இரண்டு பிழைகள் உள்ளன. வெள்ளம் கரையை உடைக்கும் என்றே மூலம் கூறியது. அதுவே ‘முதற்பகை’ என்று கூறவில்லை. கற்கள் ‘சில ஏரிகளில்’ மட்டுமே உண்டு என்ற வரையறையும் விடுபட்டு, எல்லா ஏரிக்கும் உரியதுபோல் ஆகிவிட்டது. ‘சில’, ‘பெரும்பாலும்’, ‘கூடும்’ போன்ற சிறுசொற்களே மாற்றி எழுதும்போது முதலில் உதிர்வன. ஆகவே ‘ஏரிக்கரைக்கு இடர் தருவது’ என்றும், ‘ஏற்பாடும் சில ஏரிகளில் உண்டு’ என்றும் திருத்த வேண்டும்.

மழைக்காலத்தின் இறுதியில்தான் ஏன் அடைக்கின்றனர் என்பதற்குப் பெருமழை பெய்யும்போது அடைத்தால் கரைக்குக் கேடு என்று மாணவர் விடை காணலாம். ஆனால், மூலத்தில் அக்கருத்து இல்லை. அதைச் சேர்க்க விரும்பினால், தம் கருத்து எனப் பிரித்துக் காட்டித் தனி வாக்கியமாகவே எழுத வேண்டும்.

தம் சொற்களில் எழுதுவது சுருக்கி எழுதுவதும் அன்று. சுருக்கத்தில் கற்களைப் பற்றிய செய்தியை விட்டுவிடலாம். இங்கு விட இயலாது. சொல்லைச் சிறிதும் மாற்றவியலாத வரையறை ஒன்று மூலத்தில் இருப்பின், அதனை மேற்கோள் குறிக்குள் அவ்வாறே தருவது முறை. முழுவதும் தம் சொற்களாலேயே எழுதினாலும், செய்தி பிறருடையதே. ஆதலின் ‘கலிங்கின் பயனை நூலாசிரியர் பின்வருமாறு விளக்குகிறார்’ என்பது போன்ற குறிப்பு, அப்பகுதியின் முடிவில் அன்றித் தொடக்கத்திலேயே இடம்பெற்றால், எங்கிருந்து எதுவரை அவர் கருத்து என்பது படிப்பவர்க்குத் தெளிவாகும்.