விற்பனைக் குறிப்பில் நோயின் பெயர் வேண்டாம்

சத்து மாத்திரை, சருமக் கிரீம் போன்றவற்றை ஆன்லைனில் விற்பவர்கள் கவனிக்க:

● முருங்கை இலை கேப்சூலுக்கு 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று எழுதக் கூடாது. உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. சர்க்கரை நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டப்படியும் குற்றம். 'சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும்' என்று மாற்றினாலும் பொருள் அதேதான். 'ஒரு கேப்சூலில் 500 மி.கி. முருங்கை இலைப் பொடி' என்று உள்ளிருப்பதை அளவோடு எழுதுங்கள். லேபிளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும்.

● அழகுசாதனப் பொருள் தோலைச் சுத்தப்படுத்தலாம், தோற்றத்தை மாற்றலாம். 'எக்ஸிமாவைப் போக்கும்' என்றால் அது மருந்துக்குரிய வாக்குறுதி. மருந்து உரிமம் கேட்பார்கள். 'வறண்ட சருமத்தை மென்மையாக்கும்' என்பது சரி.

● பொருளின் பெயர், படம், ஹேஷ்டேக் ஆகியவையும் விளம்பரம்தான். 'என் சுகர் குறைந்தது' என்று வாடிக்கையாளர் எழுதியதை நீங்கள் எடுத்துப் பகிர்ந்தால், அது உங்கள் வாக்குறுதியாகவே கருதப்படும்.

● எழுதி முடித்ததும் ஒரு சோதனை: படிப்பவர் இதை நம்பித் தன் மாத்திரையை நிறுத்திவிடக்கூடுமா? ஆம் என்றால் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.