ரமலான் நன்கொடையும் கணக்கு ஒப்படைக்கும் நாட்களும்

2025 ரமலான் முழுவதும் மார்ச் மாதத்திலேயே வந்தது. நமது அறக்கட்டளைக்கு வரும் நன்கொடையில் பெரும்பகுதி ரமலானில்தான் வருகிறது. நிதியாண்டோ மார்ச் 31-ல் முடிந்துவிடுகிறது. எனவே கடைசி மாதத்தில் சேர்ந்த தொகைக்குத்தான் முதலில் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

முதல் கெடு மே 31. 80ஜி பதிவுள்ள அறக்கட்டளைகள் நன்கொடையாளரின் பெயர், முகவரி, பான் எண், தொகை, செலுத்திய முறை ஆகியவற்றைப் படிவம் 10BD வழியாக வருமான வரித் துறைக்குத் தர வேண்டும். அதைத் தந்த பிறகே 10BE சான்றிதழை எடுக்க முடியும். அதையும் அதே நாளுக்குள் உங்களிடம் சேர்க்க வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் உண்டு. சான்றிதழ் இல்லாவிட்டால், பழைய வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்பவர் வரிச்சலுகை கோர முடியாது.

தவறு எங்கே நேர்கிறது? ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் ரமலான் 27-ல் மகனின் வங்கிக் கணக்கிலிருந்து 15,000 ரூபாய் அனுப்புகிறார். ரசீதைத் தன் பெயரில் வாங்கிக்கொள்கிறார். வங்கிப் பதிவில் மகன், ரசீதில் தந்தை. இதைக் கவனிக்காமல் 10BD-ல் ஏற்றினால், பின்னர் திருத்தப் படிவம் தர நேரும். அதனால் ஏப்ரல் 15-க்குள் ஒவ்வொரு ரசீதையும் வங்கிப் பதிவோடு ஒப்பிடுகிறோம். மே 10-க்குள் விடுபட்ட பான் எண்களைக் கேட்டு வாங்குகிறோம். மே 20-ல் படிவத்தை ஏற்றுகிறோம். மீதி 11 நாட்கள் பிழை திருத்த.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், அந்தத் தொகை முழுவதற்குமே சலுகை கிடையாது. கொடுக்கலாம், நன்மை குறையாது. வரிச்சலுகை மட்டும் இல்லை.

அடுத்த கெடு ஆகஸ்ட் 31. ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டுக்குள்ளேயே செலவிட வேண்டும் என்பது சட்டம். மார்ச் கடைசி வாரத்தில் வந்த ஜகாத்தை உரியவர்களைக் கண்டறிந்து நான்கு நாளில் பங்கிட முடியாது. அதற்குப் படிவம் 9A இருக்கிறது. மீதித் தொகையை அடுத்த நிதியாண்டில் செலவிடுவோம் என்று அதில் தெரிவிக்கலாம். இது விடுபட்டால் ஏழைகளுக்குச் சேர வேண்டிய பணத்தின் மீதே வரி விழக்கூடும்.

செப்டம்பர் 30-ல் தணிக்கை அறிக்கை, அக்டோபர் 31-ல் வருமான வரிக் கணக்கு. தணிக்கையாளர் மே மாதப் பட்டியலையும் 9A-யில் காட்டிய தொகையையும் பேரேட்டோடு ஒப்பிடுவார். முதல் பட்டியல் தவறினால் பின்னால் வரும் எல்லாமே தவறும்.

எனவே உங்கள் ரசீதை இன்றே எடுத்துப் பாருங்கள். பணம் யார் கணக்கிலிருந்து வந்ததோ அவர் பெயரும் அவரது பான் எண்ணும் இல்லையென்றால், மே 10-க்குள் அலுவலகத்தில் தெரிவியுங்கள். உங்கள் தர்மங்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.