பெயரால் இணையும் போட்டிகள்

கல்லூரி விழாவொன்றில் கவிதை, விவாதம், வினாடி வினா, ஓவியம், நடனம் என ஐந்து போட்டிகள் நடைபெறுவதாகக் கொள்வோம். அவற்றிற்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பெயரிட்டால் ஐந்தும் ஓரினமாகத் தோன்றும். ஆயின், ஓவியப் போட்டி எதுவென்பது விளங்காது. சொற்களம், சொற்போர், சொல்வேட்டை என முதற்பகுதியைப் பொதுவாக்கினால், ஒலிபெருக்கி அறிவிப்பில் ஒன்று மற்றொன்றாகக் கேட்கும். மாணவர் அரங்கு மாறிச் செல்வர்.

எனவே, நிலைமொழி போட்டியை உணர்த்த, வருமொழி பொதுவாக நிற்றல் வேண்டும்: கவிக்களம், வாதக்களம், வினாக்களம், வண்ணக்களம், ஆடற்களம். தொடக்கம் வேறுபடுத்துகிறது, முடிவு உறவு காட்டுகிறது. ஆடல் + களம் ஆடற்களமாவது போன்ற புணர்ச்சியையும் பிழையின்றி எழுதுக.

பின்னர் ஒளிப்படப் போட்டியும் சேருமாயின், வண்ணக்களம் என்னும் பெயர் இரண்டிற்கும் பொருந்திக் குழப்பம் தரும். அப்போது அதனைத் தூரிகைக்களம் என மாற்றி, புதியதற்கு ஒளிப்படக்களம் எனப் பெயரிடுக.