தீர்மானம் செயற்குழுவுடையது, கடிதம் செயலாளருடையது
உறுப்பினருக்குப் பாதகமான முடிவைத் தெரிவிக்கும்போது செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும்

ஒரு மனமகிழ் மன்றத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவானது. நூலகமும் சிறிய மண்டபமும் உண்டு. உறுப்பினர் ஒருவர் தமக்கான குறைந்த வாடகையில் மண்டபத்தைப் பதிவு செய்து, வெளியார் ஒருவரின் விசேஷத்துக்குக் கொடுத்துவிட்டார். செயற்குழு விளக்கம் கேட்டது, அவரும் எழுதிக் கொடுத்தார். அதன்பின் மினிட்ஸ் புத்தகத்தில் இப்படிப் பதிவாகிறது (மன்றமும் தீர்மானமும் விளக்கத்துக்காக அமைத்தவை):

"தீர்மானம் 4: உறுப்பினர் எண் 117 மீதான மண்டபப் புகாரும், அவர் எழுத்து மூலம் அளித்த விளக்கமும் பரிசீலிக்கப்பட்டன. துணை விதி 14(3) மீறப்பட்டுள்ளதாக முடிவு செய்து, உறுப்பினர் வாடகைக்கும் வெளியார் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் ரூ.9,000ஐ இம்முடிவு தெரிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் அவர் செலுத்த வேண்டும் எனவும், மண்டபம் முன்பதிவு செய்யும் அவரது உரிமையை 6 மாதங்களுக்கு நிறுத்திவைப்பது எனவும் தீர்மானிக்கப்பட்டது."

இதை அந்த உறுப்பினருக்குத் தெரிவிக்கும் கடிதத்தைச் செயலாளர் எழுத வேண்டும்.

செய்ய வேண்டியவை

தீர்மானத்தை முழுவதுமாக, மேற்கோள் குறிக்குள், எழுத்து மாறாமல் எடுத்து எழுதுங்கள். கூட்டத்தில் கைப்பேசியில் குறித்துக்கொண்டதிலிருந்து அல்ல, தலைவர் கையெழுத்திட்ட மினிட்ஸ் புத்தகத்திலிருந்து. இதில்தான் அதிகம் சறுக்குகிறது. சுருக்கி எழுதும் பழக்கத்தில் பலர் இப்படி எழுதிவிடுவார்கள்: "தங்கள் உறுப்பினர் சலுகைகள் 6 மாதம் நிறுத்தப்பட்டுள்ளன. ரூ.9,000 அபராதமும் விதிக்கப்பட்டுள்ளது." இரண்டு வரியில் மூன்று தவறுகள். குழு நிறுத்தியது மண்டபப் பதிவு உரிமையை மட்டும். 'சலுகைகள்' என்றதும் நூலகமும், பொதுக்குழுவில் வாக்களிப்பதும்கூட அதில் அடங்குமோ என்று அவர் நினைப்பார். குழு கேட்டது வாடகை வித்தியாசம். அபராதம் விதிக்கத் துணை விதியில் அதிகாரம் இருக்கிறதா என்பதே வேறு கேள்வி. 30 நாள் கெடு காணாமலே போய்விட்டது. குழு கொடுக்காத தண்டனையைக் கடிதம் கொடுத்துவிட்டது.

கூட்டம் நடந்த தேதி, தீர்மான எண், துணை விதியின் எண் ஆகியவற்றைப் 'பார்வை' பகுதியில் குறிப்பிடுங்கள். உறுப்பினர் தந்த விளக்கக் கடிதத்தின் தேதியும் அங்கேயே வரட்டும். தம் பதில் குழுவின் முன் வைக்கப்பட்டது என்பது அவருக்கு அதில் தெரியும். இதற்குச் சட்ட முக்கியத்துவமும் உண்டு. பெல்காம் மேசன் லாட்ஜ் ஒன்று தன் உறுப்பினரை நீக்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம், சங்கம் தன் விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும், சம்பந்தப்பட்டவருக்குக் குற்றச்சாட்டைத் தெரிவித்துப் பதில் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்றது. அந்த வழக்கில் உறுப்பினரின் மேல்முறையீடு தோற்றது. முறைப்படி நடந்த சங்கத்தின் முடிவில் நீதிமன்றம் எளிதில் தலையிடுவதில்லை. முறைப்படி நடந்ததா என்பதை முதலில் காட்டப்போவது உங்கள் கடிதம்தான்.

தீர்மானத்தில் ஓட்டை தெரிந்தால், கடிதம் அனுப்புமுன் குழுவிடம் திரும்பிப் போங்கள். மேலே உள்ள தீர்மானத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்: 6 மாதம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? கூட்ட நாளிலிருந்தா, கடிதம் கிடைத்த நாளிலிருந்தா? "கடிதம் கிடைத்த நாள் முதல்" என்று செயலாளரே சேர்த்துவிட்டால், அந்த வார்த்தைகளுக்கு எந்தக் கூட்டத்திலும் ஒப்புதல் கிடையாது. தலைவரிடம் சொல்லி அடுத்த கூட்டத்தில் விளக்கத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றச் செய்து, இரண்டையும் அடுத்தடுத்து மேற்கோள் காட்டுங்கள். சில நாள் தாமதமானாலும் பரவாயில்லை. இனிஷியல் தவறு போன்ற சிறிய எழுத்துப் பிழைக்குக்கூட இதே வழிதான். புத்தகத்தில் தவறாக இருப்பதைக் கடிதத்தில் சத்தமில்லாமல் திருத்தினால் இரண்டும் பொருந்தாமல் போகும்.

மேற்கோள் முடிந்தபின், உங்கள் வார்த்தைகளில் செயல்முறையை மட்டும் சொல்லுங்கள்: பணத்தை யாரிடம் கட்டுவது, ரசீது எப்படிக் கிடைக்கும், மேல்முறையீடு பொதுக்குழுவுக்கா வேறு குழுவுக்கா, எத்தனை நாளுக்குள், எந்த விதியின்படி. மேல்முறையீட்டுக்கு விதியே இல்லையென்றால் இருப்பதாக எழுதாதீர்கள்.

தபால் ரசீதையும் பட்டுவாடா சான்றையும் அலுவலகப் படியோடு இணைத்து வையுங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், அனுப்பும்போதே பதிவு வசதியும் பட்டுவாடா சான்றும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். 30 நாள் கெடு தொடங்கிய நாளுக்கு அதுதான் சாட்சி.

செய்யக்கூடாதவை

தீர்மானத்தில் இல்லாத காரணத்தைச் சேர்க்காதீர்கள். "தாங்கள் ஏற்கெனவே இரண்டு முறை சந்தா பாக்கி வைத்தவர் என்பதும் கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்தால், அந்தப் பழைய விஷயத்துக்கு அவரிடம் விளக்கமே கேட்கவில்லை என்ற கேள்வி உடனே எழும். நன்றாக நின்றிருக்கக்கூடிய முடிவு அந்த ஒரு வரியால் ஆட்டம் காணும்.

இடையில் புள்ளி வைத்து வெட்டாதீர்கள். குறிப்பாக 'விளக்கம் பரிசீலிக்கப்பட்டது' என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். அதே தீர்மானத்தில் வேறொரு உறுப்பினரின் விவகாரமும் இருந்தால் மட்டும் அதை விலக்கலாம். "தங்களைப் பற்றிய பகுதி மட்டும்" என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு விலக்குங்கள்.

உங்கள் சொந்தக் கருத்து வேண்டாம். "நான் எதிர்த்துத்தான் பேசினேன், பெரும்பான்மையினர் கேட்கவில்லை" என்று எழுதுவது கருணைபோலத் தோன்றும். உண்மையில் அது குழுவின் உள்விவாதத்தை வெளியே விடுவது. எதிர்த்தவர் யார், ஆதரித்தவர் யார் என்று மன்றத்தில் விரோதம் வளர்ப்பது. 'ஒருமனதாக' என்ற சொல்லும் புத்தகத்தில் இருந்தால் மட்டுமே வரலாம். மரியாதைக்கு 'திரு', 'அவர்களுக்கு', 'வணக்கம்', 'தங்கள்' போதும். அதற்கு மேல் மன்னிப்பும் வேண்டாம், "இனியாவது ஒழுங்காக நடந்துகொள்ளவும்" என்ற அறிவுரையும் வேண்டாம்.

வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். அறிவிப்புப் பலகையிலும் ஒட்டாதீர்கள். விதியில் அப்படி அறிவிக்க வேண்டும் என்று இருந்தாலொழிய, இது ஒருவருக்கு எழுதிய கடிதம். தெரிய வேண்டிய அவசியமில்லாதவர்களுக்குப் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் உள்ள அவதூறு வரைக்கும் பேச்சு போகலாம். படிகள் தலைவருக்கும், பணம் வசூலிக்கும் பொருளாளருக்கும் போதும்.

உறையை ஒட்டுவதற்கு முன், உதவிச் செயலாளரை அழைத்து உட்காரவையுங்கள். அவர் மினிட்ஸ் புத்தகத்தை உரக்க வாசிக்க, நீங்கள் கடிதத்தில் விரல் வைத்துச் சரிபாருங்கள். ஒரு சொல் மாறியிருந்தாலும் கடிதத்தைத் திரும்ப அச்செடுங்கள்.